ரீடெஸ்ட் கேட்டு மிஸ்ஸுக்கு லெட்டர்: அக்கா டிப்ஸ்

தங்கச்சிகளா, இன்டர்னல் டெஸ்ட் அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்துட்டீங்க. இப்ப எழுந்து உக்காந்து, "மிஸ்ஸுக்கு என்னக்கா எழுதறது?"ன்னு கேக்கறீங்க. காலேஜ்ல கிளாஸ் டியூட்டரா இருக்கறதால ஒவ்வொரு செமஸ்டர்லயும் இந்த லெட்டருங்க என் மேஜைக்கு வந்துட்டே இருக்கும். லெட்டரைப் படிக்கறவங்க பக்கத்துல இருந்து சொல்றேன், கேளுங்க.

முதல்ல எந்தப் பரீட்சைன்னு பிரிச்சுக்கணும். யுனிவர்சிட்டி நடத்தற செமஸ்டர் பரீட்சையைத் தவற விட்டா, மிஸ்ஸுக்கு லெட்டர் எழுதி ஒண்ணும் ஆகாது. அது அவங்க கையில இல்லை, அடுத்த தடவை அரியரா எழுதணும். பத்தாவது, பன்னிரண்டாவது பப்ளிக் எக்ஸாமுக்குத் துணைத்தேர்வுன்னு தனி வழி இருக்கு. நான் பேசப்போறது காலேஜுக்குள்ள நடக்கற இன்டர்னல், அதாவது சி.ஐ.ஏ. டெஸ்ட் பத்தி மட்டும். அதை மறுபடி வைக்கற அதிகாரம் டிபார்ட்மென்ட்டுக்கு இருக்கு. அதனாலதான் லெட்டருக்கு மரியாதை.

அடுத்து, ரீடெஸ்ட் உனக்கு உண்மையிலேயே வேணுமான்னு ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பாரு. சில காலேஜ்ல மூணு டெஸ்ட் வச்சு நல்ல மார்க் வந்த ரெண்டை எடுத்துப்பாங்க. அங்க ஒண்ணு போனா பெரிசா ஒண்ணும் கெடாது, மிச்சம் ரெண்டையும் ஒழுங்கா எழுதினா போதும். ரெண்டே டெஸ்ட் வச்சு சராசரி எடுக்கற இடத்துலதான் வலிக்கும். ஒரு உதாரணம் சொல்றேன். டெஸ்ட் ஒவ்வொண்ணும் 50 மார்க், ரெண்டோட சராசரியை 15-க்குக் குறைக்கறாங்கன்னு வச்சுக்கோ. முதல் டெஸ்ட்ல 40 வாங்கியிருக்க, ரெண்டாவதுக்குப் போகலை. சராசரி 20, அது 15-க்கு 6 ஆகுது. ரெண்டாவதுலயும் 40 எடுத்திருந்தா 12 வந்திருக்கும். இன்டர்னல் மொத்தமே 25-ன்னா அதுல ஒரே டெஸ்ட்டால 6 மார்க் போகுது. இந்தக் கணக்கை லெட்டர்ல எழுத வேண்டாம், மிஸ்ஸுக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சா போதும்.

இப்ப லெட்டர். எனக்கு வர்ற பத்துல ஏழெட்டு இப்படித்தான் இருக்கும்: "எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால் இன்டர்னல் எக்ஸாம் எழுத முடியவில்லை. எனவே தயவுகூர்ந்து எனக்கு ரீடெஸ்ட் வைக்குமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." பணிவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா எந்தப் பாடம், எந்தத் தேதி, என்ன உடம்புக்கு, யார்கிட்ட காட்டின, எப்ப திரும்பி வருவ, ஒண்ணும் இல்லை. இதைக் கையில வச்சுக்கிட்டு மிஸ் என்ன செய்வாங்க? உன்னைக் கூப்பிட்டு ஒவ்வொண்ணா கேக்கணும். கேக்க நேரம் இல்லைன்னா ஃபைல்ல சொருகிடுவாங்க.

ஒண்ணைப் புரிஞ்சுக்கோ. உன் லெட்டரை மிஸ் ஒருத்தங்க மட்டும் படிக்கறது இல்லை. அவங்க அதை ஹெச்.ஓ.டி.கிட்ட கொண்டு போவாங்க. "இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் வைக்கணும்? நாளைக்கு இன்னும் நாலு பேர் வந்தா?"ன்னு அங்க கேள்வி வரும். மிஸ் உன் பக்கம் நின்னு பதில் சொல்லணும். அந்தப் பதில் முழுக்க உன் காகிதத்துலயே இருக்கணும். நீ அழகா எழுதினியாங்கறதை யாரும் பாக்கறது இல்லை. தேதிங்க ஒண்ணோட ஒண்ணு பொருந்துதான்னுதான் பாப்பாங்க.

ஒரு கேஸை முழுசா எடுத்துப் போட்டுப் பாப்போம். ரெண்டாம் வருஷம் பி.காம். படிக்கற பொண்ணு. நிறுவனக் கணக்கியல் ரெண்டாவது இன்டர்னல், செப்டம்பர் 18 வியாழக்கிழமை காலையில. 14-ஆம் தேதி ஞாயிறு ராத்திரி காய்ச்சல் ஆரம்பிச்சுது. 15-ஆம் தேதி அரசு மருத்துவமனையில ஓ.பி. சீட்டு போட்டு, ரத்தம் குடுத்து, டெங்குன்னு தெரிஞ்சுது. 16 அட்மிட், 20 சனிக்கிழமை டிஸ்சார்ஜ். இன்னும் அஞ்சு நாள் ஓய்வுன்னு டிஸ்சார்ஜ் சம்மரியில எழுதியிருக்கு, அதாவது 25 வரைக்கும். காலேஜுக்கு 26 வெள்ளிக்கிழமை வரலாம். டிபார்ட்மென்ட் இன்டர்னல் மார்க் ஏத்த வேண்டிய கடைசி நாள் 30.

இதுல எல்லாருக்கும் கண்ணுல படாத தேதி அந்த 30-தான். எத்தனை உருக்கமா எழுதினாலும், மார்க் ஏத்தி போர்ட்டலை மூடிட்டா மிஸ்ஸால ஒண்ணும் பண்ண முடியாது. அதனால "காலேஜ் போனதும் குடுத்துக்கலாம்"னு 26 வரைக்கும் உக்காந்திருக்கக் கூடாது. 20 டிஸ்சார்ஜ், 21 ஞாயிறு. 22 திங்கட்கிழமை காலையில அப்பாவோ, கூடப் படிக்கற பொண்ணோ லெட்டரைக் கொண்டுபோய்க் குடுக்கணும். மிஸ் கொஸ்டின் பேப்பர் புதுசா எடுக்கணும், ஒரு பீரியட் ஒதுக்கி உன்னை உக்கார வைக்கணும், திருத்தணும், ஏத்தணும். அதுக்கெல்லாம் நாள் வேணும் இல்லையா? கடைசி நாள் என்னைக்குன்னு கிளாஸ் ரெப்பைக் கேட்டாலே சொல்லிடுவாங்க.

லெட்டருக்கும் முந்தின ஒரு வேலை இருக்கு. டெஸ்ட் அன்னிக்குக் காலையில, மணி அடிக்கறதுக்கு முன்னாடி, டியூட்டருக்கு ஒரு வாட்ஸப் மெசேஜ். நீ ட்ரிப்ஸ் ஏறிப் படுத்திருந்தா அம்மாவோ அக்காவோ அனுப்பட்டும். "வணக்கம் மேம். ரெண்டாம் வருஷம் பி.காம். பி செக்‌ஷன், ரோல் நம்பர் இது. டெங்குன்னு 16-ஆம் தேதியில இருந்து ஆஸ்பத்திரியில இருக்கா. இன்னிக்கு நிறுவனக் கணக்கியல் டெஸ்ட்டுக்கு வர முடியாது. டிஸ்சார்ஜ் ஆனதும் சர்டிபிகேட்டோட லெட்டர் தர்றோம்." இவ்வளவு போதும். ட்ரிப்ஸ் ஊசி குத்தின கையை ஃபோட்டோ எடுத்து அனுப்பறாங்க, அது வேண்டாம்மா. மெசேஜ்ல இருக்கற நேரமே உனக்குச் சாட்சி. டெஸ்ட் கஷ்டமா இருந்துச்சுன்னு கேள்விப்பட்ட பிறகு வந்த காய்ச்சல் இல்லைன்னு அது சொல்லிடும்.

இனி லெட்டரைப் பாரு. உங்க காலேஜ்ல இங்கிலீஷ்லதான் குடுக்கணும்னா இதே வரிசையில அப்படியே மாத்திக்கோ. பெறுநர் ஹெச்.ஓ.டி.யா, பிரின்சிபாலாங்கறது காலேஜுக்குக் காலேஜ் மாறும். உடம்பு அதேதான்.

அனுப்புநர்
(பெயர்),
பதிவு எண்: (எண்),
இரண்டாம் ஆண்டு பி.காம்., 'ஆ' பிரிவு.

பெறுநர்
நிறுவனக் கணக்கியல் பாட ஆசிரியர் அவர்கள்,
வணிகவியல் துறை.

வழி: வகுப்பு ஆசிரியர்

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: செப்டம்பர் 18 அன்று நடந்த நிறுவனக் கணக்கியல் இரண்டாம் உள்மதிப்பீட்டுத் தேர்வு – டெங்கு காய்ச்சலால் எழுத இயலாமை – மறுதேர்வு வேண்டுதல்.

வணக்கம். செப்டம்பர் 18 முற்பகல் நடந்த மேற்கண்ட தேர்வை என்னால் எழுத இயலவில்லை. செப்டம்பர் 14 இரவு காய்ச்சல் தொடங்கியது. 15-ஆம் தேதி அரசு மருத்துவமனையில் செய்த ரத்தப் பரிசோதனையில் டெங்கு என உறுதியானது. 16 முதல் 20 வரை உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றேன். தேர்வு நாளன்று காலை என் தாயார் வகுப்பு ஆசிரியருக்குத் தகவல் தெரிவித்தார்.

செப்டம்பர் 25 வரை ஓய்வில் இருக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். 26-ஆம் தேதி முதல் கல்லூரிக்கு வருவேன். அன்று முதல், மதிப்பெண் பதிவு முடிவதற்குள், தங்களுக்கு வசதியான எந்த நாளிலும் நேரத்திலும் மறுதேர்வு எழுத ஆயத்தமாக இருக்கிறேன். அனுமதி தந்து உதவுமாறு வேண்டுகிறேன்.

இணைப்பு: 1. டிஸ்சார்ஜ் சம்மரி நகல். 2. ரத்தப் பரிசோதனை அறிக்கை நகல்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி,
(கையொப்பம்)

பெற்றோர் கையொப்பம், தொலைபேசி எண்:
நாள்: செப்டம்பர் 22

முழுசும் ஒரே பக்கத்துல அடங்கிடும். பொருள் வரியை மட்டும் படிச்சாலே விஷயம் தெரிஞ்சுடும், ஏன்னா பல சமயம் ஹெச்.ஓ.டி. அந்த வரியை மட்டும்தான் படிப்பாங்க. "மறுதேர்வு எழுத ஆயத்தமாக இருக்கிறேன்"ங்கற இடத்துல ஒரு தேதியைக் குறிப்பிட்டு, "வெள்ளிக்கிழமை மதியம் வைத்தால் நன்று"ன்னு எழுதறவங்க இருக்காங்க. வேண்டாம். மிஸ்ஸோட டைம்டேபிள் உனக்குத் தெரியாது. நீ எந்த நாள்ல இருந்து வர முடியும்னு மட்டும் சொல்லு. நாளை அவங்க குறிக்கட்டும்.

"என் எதிர்காலமே தங்கள் கையில்", "நான் ஏழைக் குடும்பத்துப் பெண்", "இதுவரை ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை", இதெல்லாம் எதுக்கு? அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் மிஸ் கையில இருக்கு. ஒரு நாள் லீவு போட்டதில்லைன்னு நீ எழுதி, அதுல ஆறு நாள் போட்டிருக்கறதை அவங்க பாத்தா, டெங்குவையும் சந்தேகப்படுவாங்க.

டெங்குக்குன்னே ஒண்ணு சொல்லணும். 18-ஆம் தேதி, காய்ச்சல் தொடங்கி நாலு நாள் ஆச்சு, உடம்பு சூடு இறங்கியிருக்கும். "காய்ச்சல் விட்டுடுச்சே, ஒரு ரெண்டு மணி நேரம் வந்து எழுதிட்டுப் போயிருக்கலாமே"ன்னு யாராவது கேப்பாங்க. டெங்குல சூடு இறங்கற அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் டாக்டருங்க ரொம்பக் கவனமாப் பாக்கற நேரம். பிளேட்லெட் இறங்கறதும் வயித்து வலி, வாந்தின்னு நிலைமை மோசமாகறதும் அப்பத்தான் நடக்கும். அதனாலதான் ரத்தப் பரிசோதனை அறிக்கையும் இணைக்கச் சொன்னேன். தேதியும் பிளேட்லெட் எண்ணிக்கையும் அதுல இருக்கும், நீ விளக்கம் எழுத வேண்டாம். லெட்டர்ல பிளேட்லெட் எத்தனை, எத்தனை பாட்டில் ஏத்தினாங்கன்னெல்லாம் எழுதிட்டு உக்காராதே.

சர்டிபிகேட் விஷயத்துலதான் ரொம்பப் பேர் மாட்டிக்கறாங்க. அட்மிட் ஆகியிருந்தா டிஸ்சார்ஜ் சம்மரி போதும், அதைவிடப் பெரிய காகிதம் கிடையாது. வெறும் ஓ.பி.ல காட்டியிருந்தா, தேதி முத்திரை இருக்கற ஓ.பி. சீட்டும் மருந்துச் சீட்டும் எடுத்து வை. மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கினா அங்கேயே நின்னு மூணு விஷயம் பாத்துடு. எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் ஓய்வுன்னு எழுதியிருக்காங்களா, அந்த இடைவெளிக்குள்ள டெஸ்ட் நாள் விழுதா, டாக்டர் கையெழுத்துக்குக் கீழ அவரோட பதிவு எண் இருக்கா. டெஸ்ட் 18-ஆம் தேதி, சர்டிபிகேட் 19-ல இருந்து ஆரம்பிச்சா அது உனக்கு உதவாது. ஒரே நாள் வித்தியாசத்துல திருப்பி அனுப்பின லெட்டருங்க நிறைய.

ஒரிஜினலை யார்கிட்டயும் குடுத்துடாதே. நகலை இணை, ஒரிஜினலைக் காட்டிட்டு வாங்கிக்கோ. காரணம் இருக்கு. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழ போனா, அதைச் சரிக்கட்டறதுக்கும் இதே சர்டிபிகேட் வேணும். அது வேற விண்ணப்பம், வேற ஃபைல், பல இடத்துல ஃபீஸும் உண்டு. அதையும் இதே லெட்டர்ல ஒரு வரி சேர்த்துடலாம்னு தோணும், சேர்க்காதே. ரெண்டு கோரிக்கை ஒரே காகிதத்துல இருந்தா, அது அட்டெண்டன்ஸ் ஃபைலுக்குப் போயிடும், ரீடெஸ்ட் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

டாக்டர்கிட்டயே போகலை, மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிப் போட்டு ரெண்டு நாள் படுத்திருந்தேன்னா? அதையே எழுது. "காய்ச்சலுக்கு வீட்டிலேயே மருந்து எடுத்துக்கொண்டேன், மருத்துவச் சான்று இல்லை, என் தாயார் கையொப்பமிட்டுள்ளார்." காலையில மெசேஜ் போட்டிருந்தா பல மிஸ்ஸுங்க ஒத்துக்குவாங்க. ஒத்துக்கலைன்னாலும் அதோட போச்சு. காசு குடுத்து சர்டிபிகேட் வாங்கிட்டு வந்து நீட்டினா மட்டும் மாட்டிக்குவ. ஒரே பேடு, ஒரே கையெழுத்து, ஒரே வியாதி, பேர் மட்டும் வேறன்னு ஒரே வகுப்புல நாலு பேர் கொண்டு வருவாங்க. நாங்க மேஜையில பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்னு அவங்களுக்குத் தோணாது. ஒரு தடவை அப்படிப் பிடிபட்டா அடுத்த தடவை நிஜமாவே வயித்துப்போக்குன்னாலும் நம்ப ஆள் இருக்காது.

சில உடம்பு சங்கதி வெளியில சொல்ல முடியாது. மாதவிடாய்ல தாங்க முடியாத ரத்தப்போக்கு, கர்ப்பப்பை சம்பந்தமா ஸ்கேன், மனசு சம்பந்தமா டாக்டரைப் பாக்கறது. லெட்டர் ஆபீஸ், அட்டெண்டர், கிளாஸ் ரெப்னு பல கை மாறிப் போகும். அதுல எல்லாத்தையும் எழுதணும்னு எந்தச் சட்டமும் இல்லை. பொருள் வரியில "மருத்துவக் காரணத்தால்"னு மட்டும் போடு. உள்ளே, "மருத்துவ விவரங்கள் அடங்கிய சான்றினைத் தனி உறையில் தங்களிடம் நேரில் அளிக்கிறேன்"னு ஒரு வரி. சர்டிபிகேட்டை கவர்ல போட்டு ஒட்டி, மிஸ் கையில குடு. சார்கிட்ட குடுக்கக் கூச்சமா இருந்தா டிபார்ட்மென்ட்ல இருக்கற இன்னொரு மேடம்கிட்ட குடுத்துச் சொல்லச் சொல்லு. பொய்யா "வைரல் ஃபீவர்"னு எழுதிட்டு, சர்டிபிகேட்ல வேற இருந்தா அதுதான் வம்பு.

லெட்டர் போய்ச் சேர்ந்ததும் ஒரு நகல்ல, "பெற்றுக்கொண்டேன்"னு தேதியோட டியூட்டர் சின்னதா ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தா வாங்கி வச்சுக்கோ. கேக்கச் சங்கடமா இருந்தா, குடுத்த லெட்டரை ஃபோட்டோ எடுத்து, "இன்னிக்கு லெட்டர் குடுத்திருக்கோம் மேம்"னு அதே வாட்ஸப்ல போட்டுடு. ரெண்டு நாள் பதில் வரலைன்னா ஒரு தடவை நினைவுபடுத்து. ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் பண்ணாதே. அப்பாவைக் கூட்டிட்டு வந்து ஸ்டாஃப் ரூம்ல சத்தம் போட வைக்காதே. அது நடந்தா, மிஸ் வைக்கலாம்னு இருந்த டெஸ்ட்டும் "ரூல்ஸ்படி பாக்கலாம்"னு மாறிடும்.

ரீடெஸ்ட் கேள்வித்தாள் வேறயா இருக்கும், கூடப் படிக்கறவங்ககிட்ட வாங்கின பழைய பேப்பரை நம்பி உக்காராதே. சில மிஸ்ஸுங்க அந்த யூனிட்டோட அடுத்த யூனிட்டையும் சேர்த்துடுவாங்க. நாள் குறிச்சதும், "எந்தெந்த யூனிட் மேம்?"னு ஒரு கேள்வி கேட்டு வச்சுக்கோ. டிபார்ட்மென்ட்ல ரீடெஸ்ட் வழக்கமே இல்லை, பதிலுக்கு அசைன்மென்ட்டோ வாய்வழித் தேர்வோ தர்றேன்னு சொன்னா மறுக்காம எடுத்துக்கோ. மார்க் ஏறினா சரி.

எழுதி முடிச்சாச்சுன்னு விட்டுடாதே. டெஸ்ட் அன்னிக்கு நீ வராததால மார்க் ஷீட்ல உன் பேருக்கு நேரா AB-ன்னு ஏற்கெனவே விழுந்திருக்கும். ரீடெஸ்ட் பேப்பர் திருத்தினாலும் அதை மாத்த மறந்துபோறது சகஜம். அறுபது பேர் லிஸ்ட்ல ஒரு வரி. இன்டர்னல் மார்க்கைக் காட்டிக் கையெழுத்து வாங்குற நாள்ல, சீட்டு உன்கிட்ட வரும்போது அந்த வரியைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு. AB அப்படியே இருந்தா அங்கேயே, அப்பவே மிஸ்கிட்ட சொல்லு. 30-ஆம் தேதி தாண்டலைன்னா ரெண்டு நிமிஷ வேலை.